விரலும் நிற்க வேண்டும், முகமும் தெரிய வேண்டும்

சமூக ஊடகத்தில் வாரந்தோறும் பதிவு போடும் கடைகள் ஒவ்வொரு முறையும் ஒரு படத்தைப் புதிதாக வடிவமைப்பதில்லை. விலை அறிவிப்புக்கு ஒன்று, பண்டிகை வாழ்த்துக்கு ஒன்று, சமையல் குறிப்புக்கு ஒன்று என்று சில மாதிரிகளை முன்கூட்டியே செய்து வைத்துக்கொள்கின்றன. பிறகு படத்தையும் எழுத்தையும் மட்டும் மாற்றி வெளியிடுகின்றன. இந்த மாதிரிகளைத்தான் டெம்ப்ளேட் என்கிறார்கள். வடிவமைப்பாளர் ஒரு தொகுப்பை முடித்துக் கொடுத்ததும், அதை ஏற்பதற்கு முன் ஒருமுறை சரிபார்க்க வேண்டியிருக்கிறது. அந்த டெம்ப்ளேட்களிலிருந்து நூறு, இருநூறு பதிவுகள் பிறக்கப் போகின்றன. தொகுப்பில் ஒரு பிழை இருந்தால் அத்தனை பதிவுகளிலும் அது இருக்கும்.

சரிபார்ப்பவர் இரண்டு கேள்விகளுக்கு விடை தேடுகிறார். இவை எல்லாம் ஒரே கடையின் பதிவுகள் என்று பார்த்ததும் தெரிகிறதா? விரலால் திரையைத் தள்ளிக்கொண்டே போகிறவர் இவற்றைக் கண்டு நிற்பாரா? முதல் கேள்வி, பதிவுகள் தங்களுக்குள் ஒத்திருக்க வேண்டும் என்கிறது. இரண்டாவது, சுற்றியிருக்கும் மற்றப் பதிவுகளிலிருந்து வேறுபட வேண்டும் என்கிறது. ஒன்றைக் கூட்டினால் மற்றொன்று குறைந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஒப்பிடும் துணை வேறு என்பதை மறந்துவிடுவதால் வரும் குழப்பம் இது. ஒற்றுமை பார்ப்பது கடையின் சொந்தப் பதிவுகளோடு. வேறுபாடு பார்ப்பது அயலார் பதிவுகளோடு. ஆகவே சரிபார்ப்பையும் இரண்டு தனித்தனிப் பார்வைகளாகச் செய்தால் வேலை தெளிவாகிவிடும்.

ஒரு மரச்செக்கு எண்ணெய்க் கடையை எடுத்துக்கொள்ளலாம். நல்லெண்ணெய், கடலை எண்ணெய், தேங்காய் எண்ணெய் மூன்றையும் ஆட்டி விற்கிறார்கள். கரும்பச்சையும் மஞ்சளும் கடையின் நிறங்கள். இன்ஸ்டாகிராமுக்காக ஒன்பது டெம்ப்ளேட்கள் வந்திருக்கின்றன: பொருள் அறிமுகம், விலைப்பட்டியல், தள்ளுபடி, சமையல் குறிப்பு, ஒரு கேள்வியும் பதிலும், வாடிக்கையாளர் சொன்னது, செக்கடியிலிருந்து ஒரு காட்சி, பண்டிகை வாழ்த்து, விடுமுறை அறிவிப்பு.

முதல் பார்வை: ஒன்பதையும் ஒன்றாக

ஒன்பது படங்களையும் மூன்றுக்கு மூன்றாக ஒரே பக்கத்தில் அடுக்கி, ஓரடி தள்ளி நின்று, கண்ணைச் சற்றுச் சுருக்கிப் பார்ப்பதில் வேலை தொடங்குகிறது. கண்ணைச் சுருக்கும்போது எழுத்து மறைந்துவிடும். நிறத்தின் பரப்பும் வடிவமும் மட்டுமே எஞ்சும். அந்த நிலையில் எந்தப் படம் கூட்டத்தில் சேராமல் தனித்து நிற்கிறதோ அதைக் குறித்துக்கொள்ள வேண்டும். செக்குக் கடைத் தொகுப்பில் இரண்டு படங்கள் அப்படி விலகி நிற்கின்றன. பண்டிகை வாழ்த்து முழுக்க ஊதாவும் பொன்னிறமுமாக இருக்கிறது. வாடிக்கையாளர் சொன்னது வெள்ளைப் பின்னணியில் மெல்லிய சாம்பல் எழுத்தாக இருக்கிறது.

அடுத்த சோதனை இன்னும் கடுமையானது. எல்லாப் படங்களிலும் லோகோவையும் கடைப் பெயரையும் மறைத்துவிட்டு, கடையை அறிந்த ஒருவரிடம் ஒவ்வொன்றாகக் காட்டி, இது யாருடையது என்று கேட்க வேண்டும். லோகோ இருந்தால்தான் அடையாளம் தெரியும் என்றால், அந்தத் தொகுப்புக்கு இன்னும் அடையாளமே உருவாகவில்லை என்று பொருள். திரையைத் தள்ளிக்கொண்டு போகிறவர் மூலையில் இருக்கும் சிறிய லோகோவைத் தேடிப் படிக்கப் போவதில்லை. பொங்கலன்று திரையில் வரிசையாக வரும் வாழ்த்துகளை நினைத்துப் பார்த்தால் இது விளங்கும். அதே பானை, அதே கரும்பு, அதே கோலம். நகைக்கடை, பல் மருத்துவர், டியூஷன் சென்டர் என்று மூலையில் இருக்கும் பெயர் மட்டும் மாறுகிறது. வாழ்த்து போய்ச் சேருகிறது. வாழ்த்தியவர் யார் என்பது யாருடைய மனத்திலும் நிற்பதில்லை.

பெயரைப் பார்க்காமலேயே அடையாளம் காட்டும் கூறுகளைப் பற்றித் ஆஸ்திரேலியாவின் எரன்பர்க்-பாஸ் நிறுவனத்தைச் சேர்ந்த ஜென்னி ரோமானியுக் விரிவாக எழுதியிருக்கிறார். 2018-ல் வெளிவந்த அவருடைய நூல் முழுவதும் இதைப் பற்றியதே. ஒரு நிறமோ வடிவமோ உருவமோ அடையாளமாக நிற்க வேண்டுமானால் இரண்டு தகுதிகள் வேண்டும் என்கிறார். அதைப் பார்த்ததும் பலருக்கும் அந்த நிறுவனம் நினைவுக்கு வர வேண்டும். அந்த நிறுவனம் மட்டுமே நினைவுக்கு வர வேண்டும். எண்ணெய்க் கடைக்குப் பச்சை இருப்பது நல்லதுதான். ஆனால் இயற்கைப் பொருள் விற்கும் பாதிக் கடைகள் பச்சையைத்தான் வைத்திருக்கின்றன. நிறம் மட்டும் போதாது. அதோடு இன்னொன்று சேர வேண்டும்.

இந்தியாவில் இதற்கு மிகச் சிறந்த சான்று அமுல் விளம்பரப் பலகைகள். 1966-ல் சில்வெஸ்டர் டகூன்யா தொடங்க, யூஸ்டஸ் பெர்னாண்டஸ் வரைந்த அந்தப் புள்ளிப் பாவாடைச் சிறுமி இன்றும் வந்துகொண்டிருக்கிறாள். கிரிக்கெட், தேர்தல், சினிமா, விலைவாசி என்று செய்தி ஒவ்வொரு முறையும் மாறுகிறது. சிறுமி மாறுவதில்லை, சித்திரம் வரையும் பாணி மாறுவதில்லை, மேலே ஒரு சொல் விளையாட்டு, கீழே வெண்ணெயைச் சேர்த்துப் பேசும் ஒரு வரி என்ற அமைப்பும் மாறுவதில்லை. சமூக ஊடகம் என்ற சொல்லே இல்லாத காலத்தில் உருவான அந்த அமைப்பு, இன்றைய பொருளில் ஒரு முழுமையான டெம்ப்ளேட். அங்கே எது நிலையானது, எது மாறக்கூடியது என்ற கோடு தெளிவாக இருக்கிறது.

செக்குக் கடைத் தொகுப்புக்கும் அந்தக் கோட்டைப் போட வேண்டும். வடிவமைப்பாளர் மூன்று டெம்ப்ளேட்களில் ஒரு நல்ல வேலை செய்திருக்கிறார். படத்தின் அடிப்பகுதியை நேர்கோட்டில் வெட்டாமல், உரலின் வாய் போல ஒரு வளைவாக வெட்டியிருக்கிறார். மற்ற ஆறில் அந்த வளைவு இல்லை. கரும்பச்சைப் பரப்பு, மஞ்சள் தலைப்பு, உரல் வளைவு, கீழே இடது மூலையில் கடைப் பெயர் ஆகிய நான்கும் ஒன்பதிலும் நிலையாக இருக்க வேண்டும் என்பதே முதல் பார்வையின் முடிவு. படம், தலைப்பின் சொற்கள், படமும் எழுத்தும் பிடிக்கும் இடத்தின் விகிதம் ஆகிய மூன்றும் மாறலாம். பண்டிகை வாழ்த்தில் ஊதாவை எடுத்துவிட்டு, அதே பச்சை வளைவுக்குள் அகல் விளக்கில் எண்ணெய் ஊற்றும் ஒரு கையை வைத்தால், அது கார்த்திகைக்கும் பொருந்தும். அந்தக் கடையைத் தவிர வேறு யாருக்கும் அவ்வளவு பொருந்தாது.

ஒற்றுமை எங்கே கசிகிறது

பெரிய விலகல்கள் கண்ணில் பட்டுவிடும். சிறியவை படுவதில்லை. அவற்றைக் கோப்பைத் திறந்து எண்களாகவே பார்க்க வேண்டும்.

கடையின் பச்சை `#1B4332` என்று வைத்துக்கொள்வோம். ஒன்பது கோப்புகளையும் திறந்து நிறக் குறியீட்டைப் பார்த்தால் ஐந்தில் அதுவே இருக்கிறது, இரண்டில் `#1F4D38`, மற்ற இரண்டில் `#2D6A4F`. இது எப்படி நடக்கிறது என்பது அந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். கடைக்காரர் லோகோவை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். அனுப்பும்போது படம் சுருக்கப்படுகிறது. சுருங்கும்போது நிறம் சற்றுப் பிறழ்கிறது. வடிவமைப்பாளர் அந்தப் படத்திலிருந்தே நிறத்தை உறிஞ்சி எடுத்துப் பயன்படுத்துகிறார். அடுத்த மாதம் இன்னொருவர் இன்னொரு பிரதியிலிருந்து எடுக்கிறார். தனித்தனியாகப் பார்த்தால் மூன்றும் பச்சைதான். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பழைய சுவரில் புதுச் சுண்ணாம்பு அடித்த மாதிரி திட்டுத் திட்டாகத் தெரிகிறது. நிறத்தைக் கண்ணால் பொருத்தாமல், குறியீட்டை எழுதி வைத்து அதையே தட்டச்சு செய்வதுதான் இதற்கு மருந்து.

எழுத்துருவில் தமிழுக்கென்றே சில சிக்கல்கள் உண்டு. வடிவமைப்பாளர் ஆங்கிலத்துக்கு அழகான ஓர் எழுத்துருவைத் தேர்ந்திருப்பார். அதில் தமிழ் எழுத்துகளே இருக்காது. அப்போது மென்பொருள் தன்னிடம் இருக்கும் ஏதாவது ஒரு தமிழ் எழுத்துருவை எடுத்துப் போட்டுவிடும். ஒரு கணினியில் ஒன்று, மற்றொன்றில் வேறு. தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் ஒரே கையால் வரையப்பட்ட உருக்கள் உள்ள எழுத்துருவைத் தேர்ந்துகொண்டால் இந்தத் தொல்லை குறைகிறது. கேட்டமரன், முக்தா மலர், பலூ தம்பி போன்றவை கூகுளின் தொகுப்பில் இலவசமாகவே கிடைக்கின்றன. செக்குக் கடைத் தொகுப்பில் மூன்று தமிழ் எழுத்துருக்கள் கலந்திருக்கின்றன. தலைப்புக்கு ஒன்று, மற்றதற்கு ஒன்று என்று இரண்டே போதும்.

அதைவிட மோசமானது கொம்பு பிரிவது. ‘கொ’ என்ற எழுத்தில் ககரத்துக்கு இடப்பக்கம் ஒற்றைக்கொம்பும் வலப்பக்கம் காலும் வர வேண்டும். தெற்காசிய எழுத்துகளுக்கான அமைப்பை இயக்காத மென்பொருளில் இவை இடம் மாறி நிற்கும், அல்லது நடுவில் ஒரு புள்ளி வட்டம் தோன்றும். தமிழ் படிக்கத் தெரியாத வடிவமைப்பாளருக்கு இது பிழை என்றே தெரியாது. ‘கொழுப்பு’, ‘நொறுக்குத் தீனி’, ‘செக்கு’, ‘பொங்கல்’ ஆகிய நான்கு சொற்களை ஒவ்வொரு டெம்ப்ளேட்டிலும் தட்டச்சு செய்து பார்த்துவிட்டால் ஒரே நிமிடத்தில் தெரிந்துவிடும். எழுத்துகளுக்கு இடையே வெளியைக் கூட்டும் வசதியையும் தமிழில் கவனமாகப் பயன்படுத்த வேண்டும். ஆங்கிலப் பெரிய எழுத்துகளுக்கு அழகு தரும் அந்த வெளி, தமிழில் துணைக்காலை அதன் மெய்யிலிருந்து பிரித்து, ரகரம் போலப் படிக்க வைத்துவிடும்.

ஒற்றுமை மிகையாகிவிடுவதும் ஒரு குறை. ஒன்பதும் ஒரே பச்சைப் பரப்பில் ஒரே இடத்தில் ஒரே பாட்டிலாக இருந்தால், பின்தொடர்பவர் புதிய பதிவைப் பார்த்து, ஏற்கெனவே பார்த்ததுதானே என்று தள்ளிவிடுவார். தொகுப்பில் விலைப்பட்டியலும் பொருள் அறிமுகமும் அப்படித்தான் இருக்கின்றன. சுருக்கிய கண்ணுக்கு இரண்டும் ஒரே படம். நிலையான நான்கையும் வைத்துக்கொண்டு ஒன்றில் பச்சைக்கு முக்கால் பங்கும், மற்றொன்றில் புகைப்படத்துக்கு முக்கால் பங்கும் கொடுத்தால் குடும்பச் சாயலும் இருக்கும், ஆளும் வேறாகத் தெரிவார்.

இரண்டாம் பார்வை: அயலார் நடுவே ஒன்று

வடிவமைப்பாளர் கணினியில், பெரிய திரையில், வெண்மையான வெளி சூழ, ஒரே படத்தைப் பார்த்து வேலை செய்கிறார். அதைப் பார்க்கப் போகிறவர் கைப்பேசியில், பேருந்தில், நூறு படங்களுக்கு நடுவே பார்க்கிறார். இந்த இடைவெளியைக் கடப்பதற்கு எளிய வழி ஒன்று இருக்கிறது. கடையின் வாடிக்கையாளர் ஒருவருடைய கைப்பேசியில், அவர் அனுமதியோடு, இன்ஸ்டாகிராம் வரிசையின் பத்து ஸ்கிரீன்ஷாட்களை எடுத்துக்கொள்ள வேண்டும். டெம்ப்ளேட்டிலிருந்து செய்த ஒரு மாதிரிப் பதிவை அவற்றின் நடுவே ஒட்டி, கைப்பேசியிலேயே வேகமாகத் தள்ளிப் பார்க்க வேண்டும். கடையைப் பற்றி அறியாத ஒருவரைத் தள்ளச் சொல்லி, முடிந்ததும் எதெல்லாம் நினைவிருக்கிறது என்று கேட்பது இன்னும் நல்லது.

எது நிற்க வைக்கிறது என்பதற்கு உளவியலில் பழைய விடைகள் உண்டு. ஜெர்மானிய உளவியலாளர் ஹெட்விக் ஃபான் ரெஸ்டோர்ஃப் 1933-ல் ஒரு வரிசையில் மற்றவற்றிலிருந்து மாறுபட்ட ஒன்றே அதிகம் நினைவில் தங்குகிறது என்று காட்டினார். 1980-ல் ஆன் டிரீஸ்மனும் கேரி ஜெலேடும் வெளியிட்ட கோட்பாடு, நிறம், சாய்வு போன்ற ஒற்றைக் கூறுகளால் வேறுபடும் பொருளைக் கண் தேடாமலேயே பிடித்துவிடுகிறது என்றது; இரண்டு மூன்று கூறுகள் சேர்ந்து வேறுபடுவதை ஒவ்வொன்றாகத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். டெம்ப்ளேட்டுக்கு இதில் நேரடியான பாடம் இருக்கிறது. ஒரு படத்தில் ஒரே ஒரு கூறு உரக்கப் பேசினால் கண் பிடித்துக்கொள்கிறது. நட்சத்திர வெடிப்பு, சாய்ந்த எழுத்து, நான்கு நிறம், மின்னும் பாட்டில் என்று நான்கும் ஒன்றாகக் கத்தினால் எதையும் பிடிப்பதில்லை.

மற்றொரு பாடமும் உண்டு. வேறுபாடு என்பது அக்கம்பக்கத்தைப் பொறுத்தது. அந்த ஸ்கிரீன்ஷாட்களில் இருப்பவை திருமணப் படங்கள், பிரியாணித் தட்டுகள், சினிமாச் செய்திகள், குழந்தை முகங்கள்: எல்லாம் நெருக்கமான, வண்ணம் நிறைந்த புகைப்படங்கள். அவற்றின் நடுவே பெரிய கரும்பச்சைப் பரப்பும், அதில் ஐந்து சொல்லுக்குள் ஒரு தலைப்பும் வந்தால் அதன் அமைதியே கண்ணைப் பிடிக்கிறது. வெறும் வெள்ளைப் பின்னணி அப்படிப் பிடிப்பதில்லை. கைப்பேசியை வெளிர் திரையில் வைத்திருப்பவருக்குப் பதிவின் ஓரமே தெரியாமல் அது திரையோடு கரைந்துவிடுகிறது. வாடிக்கையாளர் சொன்னதைத் தாங்கும் அந்த டெம்ப்ளேட் இங்கேயும் தோற்கிறது.

தள்ளுபடி டெம்ப்ளேட்டில்தான் பிழைகள் அதிகம். பச்சைப் பரப்பில் சிவப்பு எழுத்தில் ‘20% தள்ளுபடி’ என்று இருக்கிறது. சிவப்பும் பச்சையும் நிறத்தில் எதிரெதிராக இருந்தாலும் ஒளிர்வில் நெருக்கமானவை. படத்தை நிறம் நீக்கிக் கருப்பு வெள்ளையாக மாற்றிப் பார்த்தால் எழுத்து பரப்புக்குள் அமிழ்ந்துவிடுகிறது. சிவப்பு-பச்சை வேறுபாடு சரியாகத் தெரியாத ஆண்கள் கணிசமானவர்கள். அவர்களுக்கும் இது எட்டாது. அதோடு, பதிவேற்றும்போது நடக்கும் படச் சுருக்கம் ஒளிர்வைவிட நிற விவரத்தை அதிகமாகக் குறைப்பதால், நிறத்தால் மட்டும் வேறுபடும் மெல்லிய எழுத்தின் ஓரங்கள் மங்கிவிடுகின்றன. வெளியிட்ட பிறகு கடைக்காரர், “எங்க கம்ப்யூட்டர்ல நல்லாத்தானே இருந்துச்சு?” என்று கேட்பதற்குக் காரணம் இதுவே.

எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள ஒளிர்வு வேறுபாட்டை ஒரு விகிதமாக அளக்கலாம். இணைய அணுகல் தரநிலைகள் சாதாரண எழுத்துக்கு 4.5-க்கு 1, பெரிய எழுத்துக்கு 3-க்கு 1 என்று குறைந்தபட்ச அளவை வைத்திருக்கின்றன. இலவசக் கருவிகளில் இரண்டு நிறக் குறியீடுகளைக் கொடுத்தால் விகிதம் வந்துவிடும். கடையின் மஞ்சள் `#FFC107`. விலைப்பட்டியலில் அந்த மஞ்சள் மேல் வெள்ளை எழுத்து வைத்திருக்கிறார்கள், விகிதம் 1.6 மட்டுமே. வெயிலில் கைப்பேசியைப் பார்ப்பவருக்கு விலை தெரியாது. அதே மஞ்சள் மேல் கடையின் கரும்பச்சையை வைத்தால் விகிதம் 7-ஐ நெருங்குகிறது. புதிய நிறம் எதையும் சேர்க்காமல், இருக்கும் இரண்டை இடம் மாற்றியதிலேயே இரண்டு கேள்விகளுக்கும் விடை கிடைக்கிறது.

எழுத்தின் அளவை பிக்சலில் பேசினால் யாருக்கும் உறைக்காது. மில்லிமீட்டராக மாற்றிப் பார்க்க வேண்டும். 1080 பிக்சல் அகலமுள்ள படம் கைப்பேசியில் ஏறத்தாழ 7 சென்டிமீட்டர் அகலத்தில் தெரிகிறது. விலைப்பட்டியலின் அடியில் முகவரி 26 பிக்சலில் இருக்கிறது, அதாவது 1.7 மில்லிமீட்டர். நாளிதழ்ச் செய்தி எழுத்து அதைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு இருக்கும். கண்ணாடி போட்டவர்கள் நாளிதழையே சற்றுத் தள்ளிப் பிடித்துப் படிக்கிறார்கள். வீட்டுக்கு எண்ணெய் வாங்குகிறவர்களில் அவர்கள் பலர். எதுவானாலும் 48 பிக்சலுக்குக் கீழே போகக் கூடாது என்று வைத்துக்கொண்டால், அந்த அளவில் அடங்காத செய்தியைப் படத்திலிருந்து எடுத்துக் கீழே எழுதும் குறிப்பில் போட வேண்டியதாகிறது. அது நல்லதே. எண் ஒன்றாக இருந்தாலும் எழுத்துருக்கு எழுத்துரு உருவம் பெரிதாகவும் சிறிதாகவும் தெரியும் என்பதால், கடைசித் தீர்ப்பைக் கைநீட்டிப் பிடித்த கைப்பேசியிடமே விட வேண்டும்.

படத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் எழுத்து இருக்கக் கூடாது என்று சில வடிவமைப்பாளர்கள் இன்றும் சொல்வார்கள். அது ஃபேஸ்புக் தன் விளம்பரங்களுக்கு வைத்திருந்த கட்டுப்பாடு; 2020-ல் அதை விலக்கிக்கொண்டது. எழுத்தின் பரப்பைவிட, எத்தனை செய்திகள் முதலிடத்துக்குப் போட்டியிடுகின்றன என்பதே முக்கியம்.

கண்ணை நிறுத்துவதில் சொல்லுக்கும் பங்குண்டு. கேள்வி-பதில் டெம்ப்ளேட்டில் மாதிரியாக ‘உங்களுக்குத் தெரியுமா?’ என்று பெரிதாக எழுதி, உண்மையான கேள்வியைச் சிறிய எழுத்தில் கீழே வைத்திருக்கிறார்கள். பெரிய எழுத்தில் இருப்பது எந்தக் கடைக்கும் பொருந்தும் வெற்றுச் சொல். அதை நீக்கிவிட்டு, ‘எள் ஆட்டும்போது கருப்பட்டி எதற்கு?’ என்பதைப் பெரிதாக்கினால் போதும். மரச்செக்கில் எள்ளோடு கருப்பட்டி சேர்ப்பதைப் பார்த்தவர்களும் அதற்கு விடை யோசித்திருக்க மாட்டார்கள், நின்று படிப்பார்கள். மாறாக, ‘இந்த எண்ணெய் விஷமா?’ என்பது போன்ற தலைப்பும் விரலை நிறுத்தும். ஆனால் அது எந்தக் கடையின் முகத்தையும் மனத்தில் பதிக்காது. பதித்தால் கடைக்கே கேடு. நின்றவர்களிடம் ஒரு மணி நேரம் கழித்து, அந்தப் பதிவு யாருடையது என்று கேட்டுப் பார்க்க வேண்டும். பெயரைச் சொல்ல முடியாவிட்டால், பதிவு வேறு யாருக்கோ உழைத்திருக்கிறது.

நிரப்பிப் பார்க்காமல் ஏற்கக் கூடாது

வடிவமைப்பாளர் காட்டும் மாதிரியில் தலைப்பு சரியான நீளத்தில் இருக்கும். புகைப்படம் விலை உயர்ந்த கேமராவில் எடுத்ததாக இருக்கும். இரண்டாம் மாதத்தில் கடைப் பையன் கைப்பேசியில் எடுத்த மங்கலான படத்தையும், கடைக்காரர் சொன்ன நீளமான வரியையும் போடும்போதுதான் டெம்ப்ளேட்டின் தரம் தெரியும். அதை முதல் நாளே தெரிந்துகொள்ளலாம். ஒவ்வொரு டெம்ப்ளேட்டையும் மூன்று முறை நிரப்ப வேண்டும்: மிகக் குறுகிய தலைப்பு ஒருமுறை, மிக நீண்ட தலைப்பு ஒருமுறை, மிக மோசமான புகைப்படம் ஒருமுறை.

தமிழில் நீளம் தனிச் சிக்கல். ‘எள்’ என்பதும் தலைப்பாகலாம், ‘வாடிக்கையாளர்களுக்கு’ என்பதும் ஒரே சொல்லாக வரலாம். ஆங்கிலத்தை மனத்தில் வைத்துச் செய்த பெட்டியில் பின்னது அடங்காது. மென்பொருள் அதை ‘வாடிக்கையாளர்களு’ என்றும் ‘க்கு’ என்றும் இரண்டு வரியாக உடைக்கும். சொல்லை உடைக்கவும் கூடாது, எழுத்தைச் சுருக்கவும் கூடாது என்றால், பெட்டி படத்தின் முழு அகலத்துக்கும் நீள வேண்டும், அல்லது சொல்லை மாற்ற வேண்டும். வரிகளுக்கு இடையே உள்ள வெளியும் ஆங்கிலத்துக்கு வைப்பதைவிடக் கூடுதலாக வேண்டும். மேல்வரியின் உகரச் சுழிகள் கீழ்வரியின் இகர விசிறிகளோடு மோதிக்கொள்வதை ‘கூழ்’, ‘தீனி’ போன்ற சொற்களை மேலும் கீழுமாக வைத்துப் பார்த்தால் காணலாம்.

செக்குக் கடைத் தொகுப்பில் செக்கடிக் காட்சியும் சமையல் குறிப்பும் மோசமான புகைப்படத்தைத் தாங்கவில்லை. எழுத்து நேராகப் புகைப்படத்தின் மேல் கிடப்பதால், படம் வெளுத்திருந்தால் எழுத்து மறைகிறது. எழுத்தை எப்போதும் பச்சைப் பரப்பின் மேலேயே வைத்து, புகைப்படத்தைத் தன் இடத்தில் விட்டுவிடுவதுதான் உறுதியான தீர்வு.

அளவுக்கும் சோதனை உண்டு. இன்ஸ்டாகிராம் 2025 ஜனவரியில், ஒருவருடைய பக்கத்தைத் திறந்ததும் தெரியும் கட்டங்களைச் சதுரத்திலிருந்து 3-க்கு 4 என்ற நெட்டைச் செவ்வகமாக மாற்றியது. தொகுப்பில் ஆறு படங்கள் 1080-க்கு 1350 என்ற அளவில் இருக்கின்றன. கட்டத்தில் அவற்றின் இரு பக்கமும் 34 பிக்சல் அளவுக்குத்தான் மறையும், பெரிய சேதமில்லை. மற்ற மூன்றும் பழைய சதுரங்கள். கட்டத்தில் அவற்றின் இரு பக்கமும் 135 பிக்சல் போய்விடும். அவற்றில் 120 பிக்சல் அகலமுள்ள லோகோ வலது ஓரத்திலிருந்து 60 பிக்சல் தள்ளி இருக்கிறது. ஆகவே கட்டத்தில் அதில் பாதிக்கு மேல் வெட்டுப்படுகிறது. கடையின் பக்கத்தைத் தேடி வந்து பார்க்கிறவருக்கு முதலில் தெரிவது அந்த வெட்டுப்பட்ட லோகோதான். மூன்றையும் நெட்டை அளவுக்கு மாற்றி, ஓரத்திலிருந்து 100 பிக்சலுக்குள் எழுத்தோ லோகோவோ வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

குறிப்பும் முடிவும்

இவ்வளவும் பார்த்த பிறகு வடிவமைப்பாளருக்கு எழுதும் குறிப்பு எப்படி இருக்கிறது என்பதைப் பொறுத்தே பலன் அமையும். ‘இன்னும் கொஞ்சம் எடுப்பா இருக்கட்டும்’ என்று எழுதினால் அவர் எழுத்தைப் பெரிதாக்கி ஒரு நட்சத்திரத்தைச் சேர்ப்பார். ‘தள்ளுபடி: பச்சை மேல் சிவப்பு எழுத்து, நிறம் நீக்கினால் படிக்க முடியவில்லை, எழுத்தை `#FFC107` ஆக்கவும்’ என்று எழுதினால் வேலை முடிந்துவிடும். எங்கே, என்ன, எதனால், எப்படி என்ற நான்கும் ஒரே வரியில் இருக்கின்றன. தீர்வு தெரியாவிட்டால் முதல் மூன்றை மட்டும் எழுதி, நான்காவதை வடிவமைப்பாளரிடம் விடுவது முறை. சொந்த ரசனையை, இது ரசனை என்று சொல்லியே எழுத வேண்டும். பிழைகளோடு அதைக் கலந்தால் வடிவமைப்பாளருக்கு எதை முதலில் திருத்துவது என்று தெரியாது.

செக்குக் கடைத் தொகுப்பு இறுதியில் ஆறாகச் சுருங்குகிறது. விலைப்பட்டியலும் பொருள் அறிமுகமும் ஒன்றாகின்றன. விடுமுறை அறிவிப்பும் பண்டிகை வாழ்த்தும் ஒரே அமைப்பில் இரண்டு தலைப்புகளாகின்றன. வாடிக்கையாளர் சொன்னது, கேள்வி-பதிலின் அமைப்பையே எடுத்துக்கொள்கிறது. நிலையான நான்கு கூறுகளும் கோப்பில் பூட்டப்படுகின்றன. கடைப் பையன் திறந்தால் படம், தலைப்பு, சிறு வரி ஆகிய மூன்று இடங்களை மட்டுமே தொட முடியும். பூட்டாமல் கொடுத்த டெம்ப்ளேட் மூன்று மாதத்தில் வேறொன்றாகிவிடும். வளைவு சற்று நகரும், மஞ்சள் சற்று வெளிறும், யாரோ ஒருவர் அவசரத்துக்கு ஒரு பூங்கொத்தைச் சேர்ப்பார்.

வெளியிட்ட பிறகு எண்களும் சிலவற்றைச் சொல்லும். ஆனால் ஒரு பதிவை மற்றொரு பதிவோடு ஒப்பிட்டு டெம்ப்ளேட்டைக் குறை சொல்ல முடியாது. நேரம், நாள், பேசப்படும் பொருள் எல்லாம் அந்த எண்ணில் கலந்திருக்கின்றன. தீபாவளிக்கு முன் போட்ட தள்ளுபடியையும் ஆடி மாதத்தில் போட்ட சமையல் குறிப்பையும் பக்கத்தில் வைத்தால் எதுவும் விளங்காது. ஒரே டெம்ப்ளேட்டில் வந்த எட்டுப் பத்துப் பதிவுகளைச் சேர்த்துப் பார்த்தால்தான் ஒரு போக்கு தெரியும். விருப்பக் குறிகளைவிட, எத்தனை பேர் பதிவைச் சேமித்தார்கள், எத்தனை பேர் பிறருக்கு அனுப்பினார்கள் என்பது விரல் உண்மையாகவே நின்றதற்கு நெருங்கிய சான்று. லோகோவை மறைத்துக் கேட்கும் சோதனைக்கு மட்டும் எந்த எண்ணும் ஈடாகாது. செக்குக் கடையில் அதை ஆறு மாதத்துக்கு ஒருமுறை, எண்ணெய் வாங்க வந்து வரிசையில் நிற்பவர்களிடமே நடத்திவிடலாம்: கைப்பேசியில் ஐந்து படம், பெயர் மறைத்து, நடுவில் ஒன்று மட்டும் கடையினுடையது.